இயர்பட்ஸும் பேண்டும் இரண்டு வருஷத்தில் ஏன் இளைத்துப்போகின்றன?

கேள்வி: அண்ணா, ஈரோட்டுல இருந்து கேக்கறனுங்க. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி இயர்பட்ஸும் கையில கட்டற பேண்டும் ஒண்ணா வாங்குனேன். பட்ஸ் அஞ்சு மணி நேரம் பாடும், இப்ப மூணு மணி நேரம்கூட நிக்கறதில்ல. பேண்டு பதினாலு நாள் வந்தது, இப்ப ஒம்பது நாள்தான். அதே மாசம் வாங்குன போன் நல்லாத்தான் ஓடுது. சின்ன பேட்டரின்னா மட்டமான சரக்கப் போட்டுடறாங்களா? பெருந்துறைக்கு வேலைக்கு பைக்குல போய் வர்றனுங்க, பட்ஸ் டப்பா டேங்க் பையிலதான் கிடக்கும்.

பதில்:

தம்பி, மட்டமான சரக்கு என்பதற்கு இதில் சின்னப் பங்குதான். உள்ளே இருக்கும் பேட்டரி, அதாவது செல், தன் வாழ்நாளின் பெரும்பகுதியை எந்த நிலையில் கழிக்கிறது என்பதில்தான் பெரிய பங்கு இருக்கிறது. நாளுக்கு நான்கு மணி நேரம் பட்ஸ் உங்கள் காதில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி இருபது மணி நேரமும் அது முழுச் சார்ஜில், மூடிய டப்பாவுக்குள் கிடக்கிறது. பகலில் அந்த டப்பா உங்கள் டேங்க் பையில் வெயில் காய்கிறது. கோவையில் நான் வேலை செய்யும் பேட்டரி சோதனைப் பிரிவில், ஒரு செல் சீக்கிரம் வயதானால் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமென்றால் இதையேதான் வேண்டுமென்று செய்வோம். முழுச் சார்ஜ் ஏற்றி வெப்பப் பெட்டிக்குள் வைத்துவிடுவோம்.

நீங்கள் இரண்டு பொருளையும் ஒரே மாதம் வாங்கியிருப்பது நல்லதாகப் போயிற்று. ஒன்றை வைத்து மற்றதைப் புரிந்துகொள்ளலாம்.

பேண்டிலிருந்து தொடங்குகிறேன். பேட்டரி தேய்வதற்குக் காரணம் கேட்டால் பெரும்பாலோர் "சார்ஜ் போட்டுப் போட்டுத் தேய்ந்துவிட்டது" என்பார்கள். உங்கள் பேண்டு அதற்குச் சரியான மறுப்பு. பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை சார்ஜ் போட்டிருந்தால், இரண்டு வருஷத்தில் அறுபது எழுபது முறைக்கு மேல் போயிருக்காது. இந்த வகை செல்களுக்கு உற்பத்தியாளர்கள் பொதுவாகத் தரும் கணக்கு, முழுதாக ஏற்றி இறக்குவதை ஒரு சுற்று என்று வைத்தால், முந்நூறு முதல் ஐந்நூறு முழுச் சுற்றுக்குப் பிறகும் எண்பது சதவீதக் கொள்ளளவு மிஞ்சும் என்பது. எழுபது சுற்றில் அதன் ஒரு மூலைகூடத் தேய்ந்திருக்காது. ஆனாலும் பேண்டு இளைத்திருக்கிறது. அப்படியென்றால் அதைத் தேய்த்தது பயன்பாடு அல்ல, காலம். லித்தியம் செல் சும்மா இருந்தாலும் வயதாகும். எவ்வளவு வேகத்தில் என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: சூடு, சார்ஜ் மட்டம்.

உள்ளே நடப்பது இதுதான். செல்லுக்குள் இரண்டு நீளப் பட்டைகள் சுருட்டப்பட்டிருக்கும். ஒன்று செம்புத் தகட்டின்மேல் கிராஃபைட் பூசியது. மற்றது அலுமினியத் தகட்டின்மேல், இந்தச் சின்ன செல்களில் பெரும்பாலும், லித்தியம் கோபால்ட் ஆக்சைடு பூசியது. நடுவே நுண்துளைகள் உள்ள மெல்லிய பிளாஸ்டிக் தாள். எல்லாவற்றையும் நனைத்தபடி எலக்ட்ரோலைட் என்ற திரவம். சார்ஜ் ஏற்றும்போது லித்தியம், கோபால்ட் பக்கத்திலிருந்து கிராஃபைட்டுக்குள் போகிறது, பயன்படுத்தும்போது திரும்பி வருகிறது. எத்தனை லித்தியம் போய்வர முடிகிறதோ அதுதான் கொள்ளளவு.

சார்ஜ் ஏறிய கிராஃபைட்டை அந்தத் திரவம் தாங்காது. தொட்ட இடத்தில் சிதைந்து ஒரு மெல்லிய படலமாகப் படிகிறது. காய்ச்சிய பாலில் ஆடை படிவதைப் போல. ஆடை கட்டியதும் அடியிலிருக்கும் பாலுக்கு ஒரு மூடி கிடைக்கிறது, ஆனால் ஆடைக்குள் போன பால் டம்ளரில் குறைந்துவிட்டது. இங்கே குறைவது லித்தியம். தொழிற்சாலையில் முதல் சார்ஜ் ஏற்றும்போதே இந்தப் படலம் உருவாகி, இருக்கும் லித்தியத்தில் ஒரு பங்கை விழுங்கிவிடும். அந்த முதல் படலம் இல்லாவிட்டால் செல் வேலையே செய்யாது, அதனால் அது தேவையான இழப்பு. சிக்கல் என்னவென்றால் அது அதோடு நிற்பதில்லை. மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்துக்கொண்டே போகிறது. தடிக்கத் தடிக்க வேகம் குறையும். முதல் வருஷம் அதிகமும் அடுத்த வருஷம் சற்றுக் குறைவுமாக இழப்பதற்கு இதுதான் காரணம்.

சூடு ஏறினால் இந்த வினை வேகமாகும். பத்து டிகிரி கூடினால் ஏறத்தாழ இரட்டிப்பு வேகம் என்பது துறையில் எல்லோரும் கைக்கணக்காக வைத்திருக்கும் அளவு. சார்ஜ் மட்டம் உயர்ந்தாலும் வேகமாகும். கிராஃபைட் நிறைய லித்தியத்தைப் பிடித்திருக்கும்போது திரவத்தைச் சிதைக்கும் துடிப்பு அதிகம். அதே நேரத்தில் எதிர்ப்பக்கத்தில், முழுச் சார்ஜான 4.2 வோல்ட்டில் நிற்கும் கோபால்ட் ஆக்சைடும் திரவத்தை அரிக்கிறது. சின்ன செல்லில் கூடுதல் நேரம் ஓட வேண்டும் என்பதற்காக இப்போது 4.35 வோல்ட், அதற்கும் மேல் ஏற்றும் செல்களும் போடுகிறார்கள். பெட்டியில் அச்சிடும் மணிக்கணக்கு கூடும், அந்த உச்சியில் கிடக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் செல் தரும் விலையும் கூடும்.

இப்போது நம் ஊர் வெயிலைச் சேர்த்துப் பாருங்கள். கோவைக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஓரளவு காப்பு. ஈரோட்டுக்கும் கரூருக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. சித்திரை வைகாசியில் ஈரோட்டில் நிழலிலேயே நாற்பது டிகிரி தொடுவது வழக்கம். டேங்க் பை என்றால் மேலே வெயில், கீழே இன்ஜின் சூடு, உள்ளே காற்றோட்டம் இல்லை. வேலை நேரம் முழுக்க பைக் வெயிலில் நின்றால் டேங்க் பையின் உள்ளே ஐம்பதைத் தொடுவது சாதாரணம். செல்லின் ஆயுள் கணக்கு எழுதப்பட்டது 25 டிகிரி அறையில். ஐம்பது டிகிரியில், மேலே சொன்ன கைக்கணக்குப்படி, ஒரு மணி நேரம் அந்த அறையில் ஐந்தாறு மணி நேரம் கிடப்பதற்குச் சமம். திருப்பூரில் அயர்ன் செக்‌ஷனில் நிற்பவர்களின் பட்ஸ் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்களுடையதை விடச் சீக்கிரம் இளைப்பதற்கும் இதுவே காரணம். ஊட்டியில் வாழும் ஒருவர் உங்களோடு அதே நாளில் அதே பேண்டை வாங்கியிருந்தால், அவருடையது இன்றும் உங்களுடையதை விட நன்றாக நிற்கும்.

பேண்டு வெயிலில் காயாவிட்டாலும் தோலோடு ஒட்டிக் கிடப்பதால் எப்போதும் முப்பது டிகிரிக்கு மேல்தான் இருக்கும். ஆனால் அதற்கு ஒரு நல்ல வாய்ப்பு உண்டு. முழுச் சார்ஜிலிருந்து மெதுவாக இறங்கி, பாதி நாட்களைப் பாதிக்குக் கீழேதான் கழிக்கிறது. பட்ஸுக்கு அந்த வாய்ப்பே இல்லை. காதிலிருந்து எடுத்து டப்பாவில் போட்டவுடன் மறுபடி உச்சிக்கு ஏறிவிடும். கொஞ்சம் இறங்கினால் டப்பா திரும்ப நிரப்பும். டப்பாவின் வேலையே அதுதான்.

பேண்டின் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். பதினான்கிலிருந்து ஒன்பது நாள் என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது போலத் தெரியும். அத்தனையும் செல்லின் தலையில் போட வேண்டாம். உங்கள் பேண்டில் 180 எம்ஏஎச் செல் என்று எடுத்துக்கொள்கிறேன். அது பதினான்கு நாள் வந்தது என்றால், புதிதில் நாளுக்குக் கிட்டத்தட்ட 13 எம்ஏஎச் செலவு. இரண்டு வருஷத்தில் நீங்கள் கூடுதலாக ஏதாவது போட்டிருப்பீர்கள்: இரவு முழுக்க ஆக்சிஜன் அளவு, எப்போதும் எரியும் முகப்பு, எல்லா வாட்ஸாப் குழுவின் அறிவிப்பும் கையில் அதிர்வது. அதனால் செலவு நாளுக்கு 15.5 ஆகியிருந்தால், ஒன்பது நாள் ஓட 140 எம்ஏஎச் போதும். அதாவது செல் உண்மையில் இழந்தது இருபத்திரண்டு சதவீதம். மீதி, செட்டிங்கில் திரும்பப் பெறக்கூடியது. வாங்கிய நாளில் இருந்த செட்டிங்குக்கு ஒருமுறை திருப்பிவைத்து, முழுச் சார்ஜிலிருந்து எத்தனை நாள் வருகிறது என்று பாருங்கள். அப்போதுதான் செல்லின் உண்மை நிலை தெரியும்.

பட்ஸுக்கு வருவோம். இங்கே மூன்று இழப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. ஒரு காதுக்கு 45 எம்ஏஎச் என்று எடுத்துக்கொள்கிறேன், இந்த அளவு சந்தையில் சாதாரணம். ஐந்து மணி நேரம் பாடியது என்றால் சராசரியாக 9 மில்லி ஆம்பியர் இழுத்தது. நாளுக்கு நான்கு மணி நேரம் கேட்டால் 36 எம்ஏஎச், அதாவது 0.8 முழுச் சுற்று. வருஷத்துக்கு முந்நூறு வேலை நாள் என்று வைத்தால் இரண்டு வருஷத்தில் 480 சுற்று. பேண்டு எழுபதைத் தாண்டாத இடத்தில் பட்ஸ் தன் கணக்கான ஐந்நூறை எட்டிவிட்டது. இதற்கு மட்டும் இருபது சதவீதம் கழித்தால் 36 எம்ஏஎச் மிச்சம், நான்கு மணி நேரம்.

அந்த இருபது சதவீதக் கணக்கு, செல் 25 டிகிரியில், வரிசையாக ஏற்றி இறக்கி, சில மாதத்தில் முடிக்கும் சோதனையில் வருவது. உங்கள் செல் அதே சுற்றுகளை இரண்டு வருஷம் நீட்டி, இடைப்பட்ட நேரமெல்லாம் உச்சியில், சூட்டில் கிடந்தது. படலம் தடித்ததற்கு இன்னும் 5 எம்ஏஎச் கழிப்பது மிகையாகாது. 31 எம்ஏஎச், மூன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு.

மூன்றாவது இழப்பை யாரும் பேசுவதில்லை, சின்ன செல்லில் அதுதான் மிகவும் உறுத்தும். படலம் லித்தியத்தை விழுங்குவதோடு மின்னோட்டத்துக்கு வழியையும் அடைக்கிறது. இதை உள்தடை என்போம். பட்ஸ் சீராக 9 மில்லி ஆம்பியர் இழுப்பதில்லை. புளூடூத் ரேடியோ கண்ணிமைக்கும் நேரத்துக்குள் பல முறை 30, 40 என்று திடீர்த் துள்ளலாக இழுக்கும். புதிதில் உள்தடை அரை ஓம் என்றால் 40 மில்லி ஆம்பியர் துள்ளலுக்கு 0.02 வோல்ட்தான் சரியும், அது கணக்கிலேயே வராது. வயதாகி மூன்று ஓம் ஆகிவிட்டால் அதே துள்ளலுக்கு 0.12 வோல்ட் சரிகிறது. பட்ஸின் மின்சுற்று 3.4 வோல்ட்டில் அணையும்படி அமைந்திருந்தால், உள்ளே 3.5 வோல்ட் இருக்கும்போதே ஒரு துள்ளலில் 3.38-க்கு இறங்கி, "பேட்டரி தீர்ந்தது" என்று அணைந்துவிடும். செல்லில் இன்னும் 2, 3 எம்ஏஎச் இருக்கிறது, எடுக்க வழியில்லை. 28 எம்ஏஎச் என்றால் பாட்டுக்கு மூன்று மணி நேரம். போன் பேசினால் மைக்கும் சேர்ந்து 12 இழுக்கும், அப்போது இரண்டேகால் மணி நேரம். நீங்கள் பார்ப்பது இதைத்தான். இழப்புகளைப் பிரித்தது தோராயம், ஒன்றின் எல்லை மற்றொன்றுக்குள் போகும். ஆனால் எந்த ஒரு காரணமும் தனியாக ஐந்தை மூன்றாக்கவில்லை என்பது இதில் தெளிவாகத் தெரிகிறது.

செல் சின்னது என்பது இதில் எங்கே வருகிறது? இரண்டு இடத்தில். ஒன்று உள்தடை. பட்டையின் பரப்பு குறைந்தால் தடை கூடும். போன் செல் பட்ஸ் செல்லைப் போல நூறு மடங்கு பெரியது, அதன் பட்டையை விரித்தால் வரும் பரப்பும் அந்த அளவு பெரியது. அதனால் போனில் வயதான செல்லும் ஓமில் மிகச் சிறு பகுதியில்தான் நிற்கும்.

இன்னொன்று பட்டையின் ஓரம். எனக்கு இந்த விஷயம் ரொம்பப் பிடிக்கும், கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன். எந்த லித்தியம் செல்லிலும் கிராஃபைட் பட்டையை எதிர்ப்பட்டையை விட ஓரங்களில் சற்று நீட்டியே வெட்டுவார்கள். சமமாக வெட்டினால் ஓரத்தில் லித்தியம் உள்ளே போக இடமின்றி உலோகமாகப் படிந்துவிடும், அது ஆபத்து. பட்ஸில் இருக்கும் பொத்தான் செல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 1254 என்று எண் போட்டிருந்தால் விட்டம் 12 மில்லிமீட்டர், உயரம் 5.4 மில்லிமீட்டர் என்று பொருள். எஃகு மூடி, காப்பு எல்லாம் போக உள்ளே சுருட்டிய பட்டையின் அகலம் நான்கு மில்லிமீட்டர் அளவுதான். அதில் ஓரத்துக்கு 0.3 விட்டாலே, இரண்டு பக்கமும் சேர்த்து 0.6, பட்டையில் ஏழில் ஒரு பங்கு. போன் செல்லில் பட்டையின் அகலம் பல சென்டிமீட்டர், அங்கே ஓரம் இரண்டு மூன்று சதவீதத்தோடு முடிந்துவிடும்.

இந்த ஓரத்துக்கு எதிரே பட்டை இல்லாததால் அது நேரடியாக வேலையில் கலந்துகொள்வதில்லை. ஆனால் செல் முழுச் சார்ஜில் நாள்கணக்கில் கிடந்தால், நடுவிலிருக்கும் லித்தியம் மெல்ல மெல்ல அந்த ஓரத்துக்கு நகர்ந்து ஒதுங்கிக்கொள்கிறது. நீங்கள் பாட்டுக் கேட்கும் நான்கு மணி நேரத்தில் அதால் திரும்பி வர முடியாது. இது நிரந்தர இழப்பு இல்லை. செல்லைக் குறைந்த சார்ஜில் நீண்ட நாள் வைத்தால் ஒரு பகுதி திரும்பும். ஆனால் பட்ஸ் டப்பா அந்த வாய்ப்பைத் தருவதே இல்லை. முழுமையாக நிரப்பிக்கொண்டே இருப்பதால் ஒதுங்கியது ஒதுங்கியபடியே கிடக்கும். அகலமான செல்லில் கவனத்துக்கே வராத இந்த ஒதுக்கம், நான்கு மில்லிமீட்டர் பட்டையில் கணிசமான பங்கைப் பிடித்துவைக்கிறது.

போன் நன்றாக ஓடுகிறது என்றீர்கள். அதுவும் இழந்திருக்கும். பதினான்கு மணி நேரம் வந்தது பன்னிரண்டு ஆகியிருந்தாலும், ராத்திரி எப்படியும் சார்ஜில் போடுவதால் உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஐந்து மணி நேரம்தான் மொத்தம் என்ற பொருளில் அதே சதவீதம் நேராகக் காதில் விழும். அதோடு போன் செல்லுக்கு நல்ல கண்காணிப்பும் இருக்கிறது: வெப்பத்தை அளந்து சார்ஜைக் குறைப்பது, எண்பதில் நிறுத்திவைப்பது எல்லாம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல் விற்கும் ஸ்மார்ட்போன் பேட்டரி எண்ணூறு சுற்றுக்குப் பிறகும் எண்பது சதவீதம் பிடிக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. அந்த விதி போனுக்கும் டேப்லெட்டுக்கும்தான், பட்ஸுக்கு இல்லை. தரம் பற்றிய உங்கள் சந்தேகத்தில் உண்மை இருக்கும் இடம் இதுதான். யாரும் கட்டாயப்படுத்தாத இடத்தில் ஐந்நூறு சுற்றோடு விட்டுவிடுகிறார்கள். பெயர் தெரியாத மலிவு பட்ஸில் அதுவும் சந்தேகம்.

செல்லைக் குற்றம் சொல்லும் முன் ஒரு வேலை செய்யுங்கள். பட்ஸின் அடியிலிருக்கும் சின்ன உலோகப் புள்ளிகளையும் டப்பாவுக்குள்ளிருக்கும் ஊசிகளையும் பாருங்கள். வேர்வை உப்பும் காதழுக்கும் படிந்து கறுத்திருந்தால் டப்பாவால் முழுமையாக நிரப்ப முடியாது, செல் நன்றாக இருந்தும் நேரம் குறையும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை பஞ்சுக்குச்சியில் தொட்டுத் துடைத்தாலே போதும். இதிலேயே ஒரு மணி நேரம் திரும்பக் கிடைத்தவர்களை எனக்குத் தெரியும்.

பிறகு சோதனை. இரண்டு காதையும் முழுமையாக நிரப்பி, இரைச்சல் நீக்கும் வசதியை அணைத்து, பாதி ஒலியில், போனைப் பக்கத்தில் வைத்து, நிறுத்தாமல் பாட விடுங்கள். ஒவ்வொரு காதும் எத்தனை மணிக்கு அணைகிறது என்று தனித்தனியே குறியுங்கள். பெட்டியில் போட்ட மணி நேரமும் பெரும்பாலும் இதே நிலையில் அளந்ததுதான், அதனால் ஒப்பிடலாம். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக அணைந்தால் வயது. ஒன்று மட்டும் ஒரு மணி நேரம் முன்னால் போனால், நீங்கள் அந்தக் காதிலேயே போன் பேசிப் பழகியிருக்கலாம், அல்லது அந்தப் பக்கத்து ஊசி சரியில்லை. அணைந்த பட்ஸை டப்பாவில் போடாமல் கால் மணி நேரம் மேசையில் விட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். எழுந்து பத்து நிமிஷம் பாடினால் உள்தடை ஏறியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம், ஏனென்றால் தீர்ந்துபோன செல் அப்படி எழாது. சதவீதம் முப்பதில் இருந்து நேராக அணைவதும் இதே அறிகுறிதான்.

இனி இழப்பைத் தள்ளிப்போடும் வழி. உங்கள் விஷயத்தில் முதல் வேலை டேங்க் பையிலிருந்து டப்பாவை எடுப்பது. வண்டியை விட்டு இறங்கும்போது சட்டைப் பையிலோ சாப்பாட்டுப் பையிலோ போட்டுக்கொண்டு நிழலுக்குள் போங்கள். வேறெதுவும் செய்யாவிட்டாலும் இது ஒன்று அடுத்த பட்ஸுக்கு மாதக்கணக்கில் ஆயுள் சேர்க்கும். ராத்திரி முழுக்க டப்பாவைச் சார்ஜில் குத்தி வைக்க வேண்டாம். டப்பா நிரம்பும்போது வரும் சூட்டை மூடிய இடத்தில் பட்ஸ்தான் வாங்குகிறது. காலையில் குளித்துச் சாப்பிடும் நேரத்தில், ஃபேன் காற்றில் போட்டால் பெரும்பாலும் போதும். சில நிறுவனங்களின் செயலியில் எண்பதில் நிறுத்தும் வசதி வந்திருக்கிறது, உங்களுடையதில் இருந்தால் போட்டுவிடுங்கள். ஷிஃப்டில் ஒரு காதில் மட்டும் போட்டுப் பேசுபவர் என்றால் காலையில் இடது, மாலையில் வலது என்று மாற்றிப் போடுங்கள், இரண்டு செல்லும் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும்.

பேண்டுக்கு இதை விட எளிது. பத்து நாளுக்கு ஒருமுறை நூறுக்கு ஏற்றுவதை விட, நான்கைந்து நாளுக்கு ஒருமுறை முப்பதிலிருந்து எண்பதுக்கு ஏற்றுவது நல்லது. "அடிக்கடி சார்ஜ் போடக் கூடாது" என்ற பழைய பேச்சு இந்த செல்லுக்குப் பொருந்தாது. பாதிப் பாதியாக இரண்டு முறை ஏற்றினால்தான் ஒரு சுற்று. பெரிய வாட் சார்ஜரில் குத்தினால் கெட்டுவிடும் என்றும் பயப்பட வேண்டாம், எவ்வளவு வாங்குவது என்பதை பேண்டுக்குள் இருக்கும் சிப் தீர்மானிக்கிறது.

நேர் எதிர்ப்பக்கத்து ஆபத்தும் ஒன்று உண்டு. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது சுழியத்தில் அணைந்த பேண்டையோ டப்பாவையோ மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு மாதக்கணக்கில் மறந்துவிடுவார்கள். அணைந்திருந்தாலும் உள்ளே மின்சுற்று கொஞ்சம் இழுத்துக்கொண்டே இருக்கும். பெரிய செல் அதைத் தாங்கும். நாற்பது எம்ஏஎச் செல் சில மாதத்தில் இரண்டரை வோல்ட்டுக்கும் கீழே போய்விடும். அங்கிருந்து இன்னும் இறங்கினால் கிராஃபைட்டைத் தாங்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கும், மறுபடி சார்ஜ் ஏற்றும்போது கரைந்த செம்பு தவறான இடத்தில் படியும். அப்புறம் அதைப் பிழைக்கவைக்கப் பார்ப்பதே ஆபத்து. நீண்ட நாள் வைப்பதானால் பாதிச் சார்ஜில், வீட்டின் குளிர்ந்த மூலையில் வையுங்கள், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கொஞ்சம் ஏற்றுங்கள்.

செல்லை மாற்ற முடியுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பொத்தான் செல் உள்ள பட்ஸில் முடியும். கோவை காந்திபுரம் பக்கத்து மொபைல் சர்வீஸ் கடைகளில் கேட்டால் ஒருசிலர் செய்வார்கள். மூன்று விஷயத்தைப் பாருங்கள். பழைய செல்லின்மேல் இருக்கும் எண்ணும் புதியதன் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். வோல்ட்டும் ஒன்றாக இருக்க வேண்டும்: 4.35-க்கு ஏற்றும் பட்ஸில் 4.2 வோல்ட் செல்லைப் போட்டால் ஒவ்வொரு முறையும் அளவுக்கு மேல் ஏறும், தீப்பிடிக்க அதுவே போதும். மூன்றாவது, இணைப்புத் தகடு ஸ்பாட் வெல்டிங் செய்து வந்த செல்லாக இருக்க வேண்டும். வெறும் செல்லின் மூடியில் நேராகப் பற்றவைப்புக்கோல் வைத்து ஈயம் ஒட்டும் கடையில் கொடுக்காதீர்கள், அந்தச் சூடு உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தாளை உருக்கிவிடும். இரண்டு காதையும் சேர்த்தே மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது அணையும்போது புதியதின் நேரம் பயன்படாது.

பேண்டைத் திறந்து ஒட்டினால் தண்ணீர் புகாத தன்மை போய்விடும், 140 எம்ஏஎச் மிச்சமிருக்கும் உங்கள் பேண்டுக்கு அது தேவையும் இல்லை. செட்டிங்கைத் திருத்தி இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாம். முகப்புக் கண்ணாடி ஒரு ஓரத்தில் தூக்கியிருந்தால் மட்டும் உடனே கழற்றிவிடுங்கள். உள்ளே செல் உப்புகிறது என்று பொருள். அதன்பிறகு அதைச் சார்ஜில் போடக் கூடாது, அழுத்தி மூடவும் கூடாது, குப்பைத் தொட்டியில் எறியாமல் மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.